திக்குவாய் உள்ளவர்கள் ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வை எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பேச்சுத் தேர்வில் எதிரே உட்காரும் எக்ஸாமினருக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரு வார்த்தைக்கு முன்னால் ஐந்து நொடி நின்றுவிட்டால், பேச்சு அடைத்து நிற்கிறீர்களா, ஆங்கிலம் வராமல் நிற்கிறீர்களா என்று அவரால் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. திக்குவாய் உள்ளவர்களுக்கு மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அந்த வித்தியாசத்தை அவருக்கு முன்கூட்டியே, எழுத்து மூலமாகத் தெரியப்படுத்துவது எப்படி, அறைக்குள் போனபின் என்ன செய்வது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

கும்பகோணத்தில் நான் ஐஇஎல்டிஎஸ் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் நிறையப் பேர் திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து நர்சிங் முடித்துவிட்டு பிரிட்டன் போக நினைப்பவர்கள். அதனால் அப்படி ஒருவரின் கதையையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மன்னார்குடிக்காரர், ஐந்து வயதிலிருந்து திக்குகிறது. ஆங்கிலம் நன்றாகவே தெரியும்.

மதிப்பெண் எங்கே போகிறது

பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். முதல் பகுதியில் ஊர், வேலை, பழக்கவழக்கம் பற்றிய சின்னக் கேள்விகள். இரண்டாம் பகுதியில் ஒரு கார்டு தருவார்கள். ஒரு நிமிடம் குறிப்பெடுத்துவிட்டு இரண்டு நிமிடம் வரை தனியாகப் பேச வேண்டும். மூன்றாம் பகுதி அதே தலைப்பை ஒட்டிய விவாதம். சரளமும் கோர்வையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நான்கு பிரிவாக மதிப்பெண் போடுகிறார்கள். நான்குக்கும் சம எடை.

பிரிட்டனின் செவிலியர் கவுன்சிலான என்.எம்.சி. பேச்சில் 7 கேட்கிறது. நம் மன்னார்குடி மாணவிக்குச் சொல்வளம் 7, இலக்கணம் 7, உச்சரிப்பு 7 என்று வைத்துக்கொள்வோம். திக்கலைப் பார்த்துவிட்டு சரளத்துக்கு 5 போட்டால் மொத்தம் 26, நான்கால் வகுத்தால் 6.5. பிரிட்டன் கனவு அங்கேயே நின்றுவிடும். ஒரே ஒரு பிரிவில் விழுந்த அடி அது.

ஆனால் ஐஇஎல்டிஎஸ் வெளியிட்டிருக்கும் மதிப்பீட்டு அட்டவணையைக் கவனமாகப் படித்தால் ஒரு விஷயம் தெரியும். எத்தனை நொடி நின்றார் என்பதைவிட எதற்காக நின்றார் என்பதைத்தான் மேல் மட்டங்களில் பார்க்கச் சொல்கிறார்கள். 9-ஆம் பேண்டில், நிற்பதெல்லாம் அடுத்து என்ன சொல்வது என்று யோசிக்க மட்டுமே இருக்க வேண்டும், வார்த்தையையோ இலக்கணத்தையோ தேடுவதற்காக இருக்கக் கூடாது. 7-இல் கொஞ்சம் தயக்கமும் திரும்பச் சொல்லுதலும் இருக்கலாம், சரியான மொழி கைக்கு வராத சிக்கலை அது காட்டலாம் என்கிறார்கள். ஆக அட்டவணை அளக்க நினைப்பது மொழித் தேடலை. திக்கலில் வார்த்தை தயாராக இருக்கிறது. வாய்தான் திறக்க மறுக்கிறது. இந்த வாதம்தான் உங்கள் கோரிக்கைக்கு அடிப்படை. சலுகை கேட்கிறோமே என்று கூச வேண்டியதில்லை. மதிப்பிடும் தரம் எல்லோருக்கும் ஒன்றுதான், சிறப்பு ஏற்பாடு வாங்கியவருக்கும் அதே அட்டவணைதான். தேர்வு நடக்கும் சூழலை மட்டும்தான் மாற்றித் தரச் சொல்கிறோம்.

எந்தத் தேர்வு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஐஇஎல்டிஎஸ்ஸைக் கணினியில் எழுதினாலும் பேச்சுப் பகுதியில் எதிரே மனிதர்தான் இருப்பார். இன்னோர் ஆங்கிலத் தேர்வான பி.டி.இ.யில் கணினியின் மைக்கின் முன்னால் பேச வேண்டும். அங்கே மூன்று நொடி மௌனமாக இருந்தால் பதிவு நின்றுவிடும். நீண்ட அடைப்பு வருகிறவருக்கு அதைவிடக் கொடுமையான விதி வேறில்லை. "கம்ப்யூட்டர் முன்னால பேசினா பயம் இருக்காதுல்ல?" என்று கேட்டு அதைத் தேர்ந்தெடுக்கப் போனவர்களை நான் தடுத்திருக்கிறேன்.

நர்சுகளுக்கு ஓ.இ.டி. என்ற வழியும் இருக்கிறது. நோயாளியோடு பேசுவதுபோல நடித்துக் காட்டும் தேர்வு அது, வேலையில் தினமும் பேசுவதுதான் என்பதால் சிலருக்குத் திக்கல் குறைகிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அங்கே எதிரே இருந்து பேசுபவர் மதிப்பெண் போடுவதில்லை. ஒலிப்பதிவைக் கேட்டு வேறு இடத்தில் இருப்பவர்கள் போடுகிறார்கள். அவர்களுக்கு உங்கள் முகம் தெரியாது, ஒரு நீண்ட மௌனம் மட்டும்தான் கேட்கும். ஆகவே ஓ.இ.டி. எழுதினால், உங்கள் திக்கல் பற்றிய தகவல் மதிப்பீட்டாளர் வரை போகுமா என்று எழுதிக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எந்தச் சான்று வேண்டும்

இங்கே பலர் வீணாக அலைகிறார்கள். சிறப்பு ஏற்பாடு என்றதும் வீட்டில் யாராவது, "மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் இருந்தாத்தான் தருவாங்க" என்று சொல்லிவிடுவார்கள். உடனே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு நடை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு, மொழிக் குறைபாட்டைச் சேர்த்திருப்பது உண்மைதான். ஆனால் அதன் வரையறை, குரல்வளை நீக்கம், மூளைப் பாதிப்பால் பேச்சிழப்பு போன்ற, உடலுறுப்பு அல்லது நரம்புக் காரணத்தால் வரும் நிரந்தரக் குறைபாட்டைச் சொல்கிறது. சின்ன வயதில் தானாகத் தொடங்கிய திக்குவாய் அதற்குள் சுலபமாக அடங்காது. அங்கே முடியாது என்று சொன்னதோடு, தேர்விலும் கேட்க முடியாது என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு. ஐஇஎல்டிஎஸ் மையத்துக்கு வேண்டியது மருத்துவ ரீதியான சான்று. அதை எழுதச் சரியான ஆள் பேச்சு மொழிச் சிகிச்சையாளர்.

அவர் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். பதிவு எண் அறிக்கையில் இருக்கட்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் முதலில் விசாரிக்கலாம். இல்லையென்றால் திருச்சியில் தனியாகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பொது மருத்துவர் லெட்டர்பேடில் "திக்குவாய் உள்ளது, உதவவும்" என்று இரண்டு வரி எழுதித் தந்தால் போதாது. அதை வைத்து எவ்வளவு நேரம் கூடுதலாகத் தருவது என்று எந்த மையமும் முடிவு செய்ய முடியாது.

நல்ல அறிக்கையில் எண்கள் இருக்கும். எஸ்.எஸ்.ஐ.-4 என்று ஓர் அளவீட்டு முறை இருக்கிறது. நூறு அசைகளில் எத்தனை திக்குகின்றன, மிக நீண்ட மூன்று அடைப்புகள் சராசரியாக எத்தனை நொடி, கண்ணை மூடுவது, தலையை ஆட்டுவது போன்ற உடல் அசைவுகள் எந்த அளவு என்று அது பார்க்கிறது. நம் மாணவிக்கு நீண்ட அடைப்புகளின் சராசரி 6 நொடி வந்தது. அதோடு சிகிச்சையாளரிடம் ஒரு காரியம் கூடுதலாகச் செய்யச் சொன்னோம்: ஆங்கிலத்தில் ஒரு கார்டைக் கொடுத்து இரண்டு நிமிடம் பேசவைத்து, அதில் அடைப்புகளுக்குப் போன நேரத்தைத் தனியாகக் கூட்டச் சொன்னோம். 120 நொடியில் 40 நொடி அடைப்புக்கே போயிருந்தது. பேச மிஞ்சியது 80 நொடி. மற்றவர்களுக்குக் கிடைக்கிற 120 நொடிப் பேச்சு இவருக்கும் கிடைக்க வேண்டுமானால் மூன்று நிமிடம் வேண்டும். இரண்டு நிமிடத்துக்குப் பதில் மூன்று, அதாவது பாதி நேரம் கூடுதல். எந்த அளவு தருவது என்பதை முடிவு செய்வது அவர்கள்தான். ஆனால் கணக்கோடு கேட்டால் கணக்கோடு பதில் வரும்.

எப்போது தொடங்கியது, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா, முன்பு சிகிச்சை எடுத்தது உண்டா என்றும் சிகிச்சையாளர் கேட்பார். நம் பக்கத்தில் வசம்பைச் சுட்டு நாக்கில் தடவியதைத்தான் பல அம்மாக்கள் சிகிச்சை என்று சொல்வார்கள். வெட்கப்படாமல் அதையும் சொல்லுங்கள். சிறுவயதிலிருந்தே இருக்கிறது என்பதற்கு அதுவும் ஒரு தடயம். அறிக்கை ஆங்கிலத்தில், சமீபத்திய தேதியோடு, கையெழுத்தும் முத்திரையும் வைத்து இருக்க வேண்டும். கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: இவருடைய இடைநிறுத்தங்கள் பேச்சு இயக்கத் தடையால் வருபவை, ஆங்கில அறிவுக் குறைவால் வருபவை அல்ல. மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒரு வரி முக்கியம்.

கோரிக்கையை எழுதுவது

தேர்வுக்கு மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். பணம் கட்டி நாள் குறித்த பிறகு கேட்டால் மையத்துக்கு அவகாசம் இருக்காது, உங்களுக்கும் பதற்றம். இந்தியாவில் இப்போது ஐ.டி.பி. நிறுவனம்தான் ஐஇஎல்டிஎஸ் நடத்துகிறது. நீங்கள் எழுதப்போகும் மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலும் மின்னஞ்சலிலேயே வாங்குங்கள். போனில் "பாத்துக்கலாம் மேடம்" என்று சொன்னால் அது பதில் ஆகாது. சொன்னவர் அன்றைக்கு லீவில் இருக்கலாம்.

மாணவி முதலில் எழுதிக்கொண்டு வந்த கடிதத்தில் இப்படி இருந்தது: "எனக்குத் திக்குவாய் இருப்பதால் தயவுசெய்து கருணையுடன் மதிப்பெண் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." நான் அதை அடித்துவிட்டேன். "ஏன்க்கா, பணிவாத்தானே இருக்கு?" என்றார். பணிவு இருக்கிறது, ஆனால் அவர்களால் கொடுக்கவே முடியாத ஒன்றைக் கேட்கிறது. மதிப்பெண்ணைக் கூட்டித்தர யாருக்கும் அதிகாரமில்லை. கொடுக்கக்கூடியதைக் கேட்க வேண்டும். கடைசியில் அனுப்பிய கடிதத்தின் சாரம் இது, ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்:

"எனக்குச் சிறுவயதிலிருந்து திக்குவாய் உள்ளது. சிகிச்சையாளரின் அறிக்கையை இணைத்திருக்கிறேன். பேச்சுத் தேர்வுக்குக் கீழ்க்கண்ட ஏற்பாடுகளைக் கேட்கிறேன். ஒன்று, தேர்வு நேரத்தில், குறிப்பாக இரண்டாம் பகுதியில், அறிக்கையில் கண்டுள்ளபடி கூடுதல் நேரம். இரண்டு, எனக்குத் திக்கல் இருப்பதும் அறிக்கையின் கடைசிப் பத்தியும் எக்ஸாமினருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட வேண்டும். மூன்று, நான் ஒரு விரலை உயர்த்தியிருந்தால் பேசி முடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, வாக்கியத்தை முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். என்ன முடிவு எடுக்கப்பட்டது என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்."

மூன்றாவதை ஏன் சேர்த்தோம் என்றால், இரண்டாம் பகுதியில் நீண்ட அடைப்பு வரும்போது எக்ஸாமினர் நீங்கள் முடித்துவிட்டதாக நினைத்து அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். பேச முடியாத அந்த நொடியில் "இன்னும் முடிக்கவில்லை" என்று வாயால் சொல்லவும் முடியாது. விரல் சொல்லும்.

பேச்சுத் தேர்விலிருந்து முழு விலக்குக் கேட்காதீர்கள். கிடைத்தாலும், பேச்சில் 7 கேட்கிற இடத்தில் அது பயன்படாது. முடிந்தால் காலை நேரத்தைக் கேளுங்கள். மன்னார்குடியிலிருந்து விடிகாலை பஸ் பிடித்துத் தஞ்சாவூர் வழியாகத் திருச்சி போய், தூக்கக் கலக்கத்தில் பேசினால் திக்கல் கூடும். முந்தின நாள் மாலையே போய்த் திருச்சியில் தங்குவது நல்லது.

பயிற்சி: வார்த்தையை மாற்றாதீர்கள்

திக்குவாய் உள்ளவர்கள் பலருக்கும் கைவந்த ஒரு வித்தை உண்டு. அடைக்கப்போகும் வார்த்தை தூரத்தில் வரும்போதே தெரிந்துவிடும், சட்டென்று வேறொன்றைப் போட்டுவிடுவார்கள். அன்றாட வாழ்க்கையில் அது காப்பாற்றும். மொழித் தேர்வில் அதுதான் கவிழ்க்கும்.

மாணவியின் ஒரு பயிற்சிப் பேச்சைப் பதிவு செய்து, உட்கார்ந்து வரிவரியாகக் கேட்டோம். எந்த ஊர் என்ற கேள்விக்கு "மன்னார்குடி" என்று சொல்லாமல், "இட் இஸ் எ டவுன் நியர் தஞ்சாவூர்" என்றார். "பேஷண்ட்" வரவேண்டிய இடத்தில் "சிக் பீப்பிள்". "மெடிகேஷன்" வரவேண்டிய இடத்தில் "டேப்லெட்". நடுநடுவே அடைப்பைத் தாண்ட "ஆக்சுவலி, ஆக்சுவலி". கேட்பவருக்கு என்ன தோன்றும்? ஒரு நர்சுக்கு "பேஷண்ட்" என்ற வார்த்தைகூட வரவில்லை என்று தோன்றும். திக்கலை மறைத்ததால் சரளத்தோடு சொல்வளமும் கோர்வையும் சேர்ந்து விழுகின்றன. திக்கித் திக்கி "பேஷண்ட்" என்றே சொல்லியிருந்தால் சொல்வளத்துக்கு ஒரு குறையும் இல்லை.

அதனால் பயிற்சியை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு மூன்று பதிவு போதும். பதிவைக் கேட்கும்போது ஒரு தாளில் மூன்று குறி: அடைப்பு வந்த இடத்தில் கோடு, உண்மையிலேயே ஆங்கிலம் தேடிய இடத்தில் கேள்விக்குறி, வார்த்தையை மாற்றிய இடத்தில் வட்டம். கோட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கேள்விக்குறி வழக்கமான ஆங்கிலப் பாடத்தால் சரியாகும். குறைக்க வேண்டியது வட்டம். வட்டங்கள் குறையும்போது ஆரம்பத்தில் கோடுகள் கூடும். அது பின்னடைவு இல்லை, மறைந்திருந்த திக்கல் வெளியே வருகிறது.

அடைப்பை என்ன செய்வது என்பதைச் சிகிச்சையாளரிடம் கற்றுக்கொள்ளுங்கள். சார்லஸ் வான் ரைப்பர் என்ற அமெரிக்கச் சிகிச்சையாளர் வகுத்த முறை இதற்கு நன்றாகப் பொருந்தும். திக்காமல் பேசுவது அதன் நோக்கமில்லை, அழுத்தம் இல்லாமல் திக்குவது. அடைப்புக்குள் மாட்டிக்கொண்டால் இன்னும் வேகமாகத் தள்ளாமல், உதட்டின் இறுக்கத்தை உள்ளேயே மெல்லத் தளர்த்தி, அந்த ஒலியை நீட்டியபடி வெளியே வருவது. "பேஷண்ட்" என்பதில் உதடு ஒட்டிக்கொண்டால், ஒட்டியபடியே அழுத்தத்தைக் குறைத்து, காற்றைக் கசியவிட்டு நகர்வது. தேர்வுக்கு முந்தின வாரம் தொடங்கினால் இது கைகொடுக்காது. இரண்டு மூன்று மாதமாவது வேண்டும், அறிக்கைக்காகப் போகும்போதே தொடங்கிவிடுங்கள்.

இரண்டாம் பகுதியின் குறிப்பெடுக்கும் நிமிடத்தில் முழு வாக்கியம் எழுத வேண்டாம். எந்த வார்த்தை அடைக்கும் என்று தேடிக்கொண்டும் இருக்க வேண்டாம். தேடினால் மாற்றத் தோன்றும். நான்கைந்து சொற்கள், வரிசையாக. நேரம் முடிந்து பாதியில் நிறுத்தினாலும் பரவாயில்லை, கார்டில் உள்ள எல்லாவற்றையும் முடிக்கவில்லை என்பதற்காக மதிப்பெண் போகாது.

தேர்வு நாளில்

பெயர் கேட்கும்போதே அடைப்பது வழக்கம். சொந்தப் பெயரை மாற்ற முடியாதே. அது அடையாளத்தைச் சரிபார்க்கும் கட்டம்தான், நேரமெடுத்துச் சொல்லுங்கள். அது முடிந்ததும், முன்பே தகவல் போயிருந்தாலும் நீங்களும் சொல்லிவிடுங்கள்: "ஐ ஸ்டாமர். சம்டைம்ஸ் ஐ நீட் எ ஃப்யூ செகண்ட்ஸ் டு ஃபினிஷ் எ வேர்ட். வென் மை ஃபிங்கர் இஸ் அப், ஐ ஆம் ஸ்டில் ஸ்பீக்கிங்." மூன்று வாக்கியம், மன்னிப்பு எதுவும் இல்லாமல். இதையும் பதிவு செய்து பழகுங்கள். இது ஒலிப்பதிவிலும் சேரட்டும் என்பதற்காகத்தான், பதிவு தொடங்கியபின் ஒருமுறை சொல்வது நல்லது.

எக்ஸாமினர் பெரும்பாலும் எழுதிவைத்த வாசகத்தை ஒட்டியே பேச வேண்டியவர். அவர் சிரிக்கவில்லை, தலையாட்டவில்லை என்றால் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லோரிடமும் அப்படித்தான்.

திக்கல் அல்லாத மற்ற சிரமங்கள்

அண்ணப்பிளவு அறுவை செய்தவர்களுக்கும், பக்கவாதத்துக்குப் பிறகு நாக்கு குழறுகிறவர்களுக்கும் அடி விழுவது சரளத்தில் அல்ல, உச்சரிப்பில். அவர்களின் அறிக்கையில், எந்தெந்த ஒலிகள் உடலமைப்புக் காரணத்தால் மாறுகின்றன என்று குறிப்பாகச் சொல்லியிருக்க வேண்டும். குரல் மெலிந்தவர்களுக்கு நேரத்தைவிட, அமைதியான அறையும் பதிவுக் கருவியை அருகில் வைப்பதும் பெரிய உதவி. கேட்கும் முறை எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஏற்பாடு நடக்காவிட்டால், மதிப்பெண் குறைந்தால்

ஒப்புக்கொண்ட கூடுதல் நேரம் தரப்படவில்லை, அல்லது எக்ஸாமினருக்குத் தகவலே போகவில்லை என்று தெரிந்தால், மையத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே அங்கிருக்கும் பொறுப்பாளரிடம் எழுதிக் கொடுங்கள், ஒரு பிரதியைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். முடிவு வந்தபின் சொன்னால், மதிப்பெண் குறைந்ததால் சொல்கிறீர்கள் என்று ஆகிவிடும்.

முடிவு வந்ததும் நான்கு தாள்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்தில் 7, படிப்பதில் 7.5, கேட்பதில் 8 இருந்து, பேச்சில் மட்டும் 6 என்றால் மறுமதிப்பீடு கேட்க நியாயம் இருக்கிறது. தேர்வு நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வேறொரு எக்ஸாமினர் ஒலிப்பதிவைக் கேட்டு மறுபடி மதிப்பிடுவார். மதிப்பெண் மாறினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். விண்ணப்பத்தோடு உங்கள் சிறப்பு ஏற்பாட்டுக் கடிதத்தையும் சிகிச்சையாளர் அறிக்கையையும் மறுபடி இணைத்து, மறுமதிப்பீடு செய்பவருக்கும் இது போய்ச் சேர வேண்டும் என்று எழுதுங்கள். அவருக்கு விரல் தெரியாது, முகமும் தெரியாது.

பேச்சை மட்டும் திரும்ப எழுதும் வசதியும் கணினித் தேர்வில் இருக்கிறது, முதல் தேர்விலிருந்து 60 நாளுக்குள். அப்படி வாங்கிய சான்றிதழை நீங்கள் விண்ணப்பிக்கும் அமைப்பு ஏற்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்ப எழுதுவதற்கும் சிறப்பு ஏற்பாட்டைப் புதிதாகத்தான் கேட்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு, முடிவு வந்த அன்றே மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். 60 நாளில் ஏற்பாட்டுக்கான அவகாசமும் அடங்க வேண்டும்.